ஹூண்டாய் எடுத்துச் சென்ற பணம் நேரடி முதலீடு. பல ஆண்டுகளாக இங்கேயே இருக்கும் நிதியத்தின் பணம் போர்ட்ஃபோலியோ: இந்தக் கோடு எதை வைத்துப் போடப்படுகிறது?

பாலாற்றங்கரை

நான் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பொருளாதாரம் படித்தவன் அல்லன். ஆனாலும் ஒரு கேள்வி நெடுநாளாக மனத்தில் இருக்கிறது.

2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. ஒரு பங்கு 1,960 ரூபாய் வீதம் ஏறத்தாழ 14.2 கோடிப் பங்குகள், மொத்தம் 27,870 கோடி ரூபாய். புதிய பங்கு ஒன்றுகூட வெளியிடப்படவில்லை. கொரியத் தாய் நிறுவனம் தன்னிடம் இருந்ததில் 17.5 சதவீதத்தை விற்றது. பணம் முழுவதும் அதற்கே போயிற்று. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைக்கு அதில் ஒரு ரூபாயும் வரவில்லை.

இந்தக் கொரிய முதலீட்டை அரசு நேரடி அந்நிய முதலீடு என்கிறது; விரும்பி அழைக்கிறது; நிலையான பணம் என்கிறது. மறுபக்கம், இந்திய வங்கி ஒன்றின் பங்கில் 4 சதவீதத்தை வாங்கிப் பத்து, பதினைந்து ஆண்டுகளாக அசையாமல் வைத்திருக்கும் வெளிநாட்டு ஓய்வூதிய நிதியத்தின் பணம் போர்ட்ஃபோலியோ முதலீடு என்றும், எந்த நேரமும் ஓடிவிடக்கூடியது என்றும் சொல்லப்படுகிறது. போனவர் நிலையானவர், இருப்பவர் ஓடக்கூடியவர் என்பது எப்படிச் சரியாகும்?

நெய்தல்

இது அவ்வளவு சிக்கலான விஷயம் இல்லை. நேரடி முதலீடு என்பது நீண்ட காலத்துக்கு வருவது. போர்ட்ஃபோலியோ என்பது குறுகிய காலத்துக்கு வருவது. தொழிற்சாலையைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்ற முடியாது. பங்கை ஒரு நிமிடத்தில் விற்றுவிடலாம். ஒரு நிறுவனத்தில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால் நேரடி முதலீடு, குறைந்தால் போர்ட்ஃபோலியோ என்ற அளவுகோல், வந்தவர் எவ்வளவு காலம் இருக்கப்போகிறார் என்பதை ஊகிப்பதற்காக வைக்கப்பட்டது. அதனால்தான் பல நாடுகள் முதலாவதை வரவேற்று இரண்டாவதைக் கட்டுப்படுத்துகின்றன. நீங்கள் சொல்லும் ஓய்வூதிய நிதியம் ஒரு விதிவிலக்கு. விதிவிலக்குகளுக்காக விதியை மாற்ற முடியாது.

ஏட்டுக்கணக்கன்

நான் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நெய்தல் சொன்னதில் பாதி சரி. ஆனால் பத்து சதவீதம் காலத்தை அளப்பதற்காக வந்தது அன்று. நிர்வாகத்தில் செல்வாக்கு இருக்கிறதா என்பதை அளப்பதற்காக வந்தது. வாக்குரிமையில் பத்து சதவீதம் வைத்திருப்பவருக்கு நிர்வாகம் செவிசாய்க்கும் என்ற எண்ணத்தில்தான், பன்னாட்டு நாணய நிதியம் நாடுகளின் வரவு செலவுக் கணக்குக்கு அந்த அளவை வைத்திருக்கிறது. இந்தியாவும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு அதையே பின்பற்றுகிறது. பட்டியலிடப்படாத நிறுவனத்தில் ஒரு சதவீதம் வாங்கினாலும் இங்கே அது நேரடி முதலீடுதான். ஆகவே ஏழு ஆண்டில் வெளியேறும் திட்டத்தோடு ஒரு புதுத்தொழில் நிறுவனத்தில் 3 சதவீதம் வாங்கும் நிதியமும் நேரடி முதலீட்டாளர் ஆகிவிடுகிறது. காலம்தான் அளவுகோல் என்றால் இது நடக்காது.

அப்படியானால் நாடுகள் ஏன் இரண்டையும் வேறாக நடத்துகின்றன? நான் பார்த்த வரையில், எவ்வளவு நாள் இருக்கிறார் என்பதைவிட, கெட்ட செய்தி வரும் நாளில் அவர் என்ன செய்ய முடியும், அதன் நட்டம் யார் தலையில் விழும் என்பதே முக்கியம். ஒரு நிதியம் தன் 4 சதவீதப் பங்கை விற்க நினைத்தால் சந்தையில் அன்றாடம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். முதலில் விற்பவருக்கு நல்ல விலை கிடைக்கும். பின்னால் வருபவருக்குக் கிடைக்காது. ஆகவே எல்லோரும் முந்தப் பார்ப்பார்கள். விற்ற ரூபாயை உடனே டாலராக மாற்றக் கேட்பார்கள். ஒரே நாளில் டாலருக்குத் தேவை குவியும். ஒருவர் பதினைந்து ஆண்டு இருந்தாரா என்பது அந்த நாளில் பொருட்டாகாது; மற்றவர்கள் போகிறார்கள் என்றால் அவரும் போகலாம், கதவு திறந்தே இருக்கிறது.

தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர் அதே நாளில் வெளியேற நினைத்தால் முழு நிறுவனத்தையும் வாங்க ஆள் தேட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். பயந்து விற்றால் விலை வீழ்ச்சி முழுவதையும் அவரே தாங்க வேண்டும். 1997-98 ஆசிய நெருக்கடியில் தாய்லாந்திலிருந்து மிக வேகமாக ஓடியது வெளிநாட்டு வங்கிகள் கொடுத்திருந்த குறுகிய காலக் கடன். அதே சமயத்தில் நேரடி முதலீடு உள்ளே வந்தது: 1998இல் டச்சு வங்கியான ஏபிஎன் ஆம்ரோ, பாங்க் ஆஃப் ஏஷியாவின் பெரும்பங்கை வாங்கியது. மலிவாக வாங்கினார்கள் என்ற மனக்குறை அங்கே உண்டு. அது நியாயமான குறைதான். ஆனால் அந்தப் பணம் வெளியேறும் கூட்டத்தோடு சேரவில்லை என்பதும் உண்மை.

நெய்தல் கவனிக்க வேண்டிய இன்னொன்று: தொழிற்சாலை அசையாது, ஆனால் அதன் முதலாளியின் பணம் அசையும். லாப ஈவாக அனுப்பலாம், ராயல்டியாக அனுப்பலாம், தாய் நிறுவனம் கொடுத்த கடனைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், ரூபாய் சரியும் என்று நினைத்தால் உள்ளூர் வங்கியில் கடன் வாங்கி, தன்னிடம் உள்ள ரூபாயை டாலராக மாற்றி அனுப்பிவிடலாம். ஹூண்டாய் இந்தியா பங்கு விற்பனைக்கு முந்தைய நிதியாண்டில் தாய் நிறுவனத்துக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் லாப ஈவு கொடுத்தது. வருவாயில் 3.5 சதவீதம் ராயல்டி என்ற ஏற்பாடும் உண்டு. இந்த லாப ஈவும் ராயல்டியும் நேரடி முதலீடு வெளியேறியதாகக் கணக்கில் வருவதில்லை. நடப்புக் கணக்கில் வேறு தலைப்புகளில் போய்ச் சேர்கின்றன.

தறிக்காரன்

ஐயா, என் விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. நாங்கள் கரூரில் வீட்டு உபயோகத் துணி நெய்து ஏற்றுமதி செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்துகிறோம். ஷார்ஜாவில் இருக்கும் என் தாய்மாமன் 40 லட்சம் ரூபாய் போட்டுப் பங்கு வாங்கினார். அவர் இந்தியக் குடிமகன். பத்து சதவீதம்கூட வராது. ஆகவே போர்ட்ஃபோலியோ என்று நினைத்து நாங்கள் எந்தப் படிவமும் தாக்கல் செய்யவில்லை. எட்டு மாதம் கழித்து எங்கள் வங்கி, ரிசர்வ் வங்கிக்குத் தகவல் தர வேண்டிய காலம் தாண்டிவிட்டது, தாமதக் கட்டணம் உண்டு என்றது. பணம் வந்த நாளிலேயே அதை யாரும் சொல்லவில்லை. வீட்டு மனிதர் போட்ட பணத்துக்கும் கொரிய நிறுவனம் போட்ட பணத்துக்கும் ஒரே சட்டமா?

ஏட்டுக்கணக்கன்

தம்பி, இந்த இழையின் கேள்வி வேறு. ஆனால் உங்கள் நிலையில் இருப்பவர்கள் பலர் என்பதால் சொல்கிறேன். உங்கள் நிறுவனம் பட்டியலிடப்படாதது. ஆகவே பத்து சதவீதம் என்ற கோடு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மாமன் எந்த அடிப்படையில் போட்டார் என்பதே கேள்வி. பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லும் உரிமை வேண்டாம் என்று போட்டிருந்தால் சட்டம் அதை உள்நாட்டு முதலீடாகவே கருதும். எடுத்துச்செல்லும் உரிமையோடு போட்டிருந்தால் அது நேரடி அந்நிய முதலீடு. பங்கு ஒதுக்கிய 30 நாட்களுக்குள், அதை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர் சான்றளித்த விலைக்குக் குறைவாகப் பங்கு கொடுக்கவும் கூடாது. உறவுமுறையைச் சட்டம் பார்ப்பதில்லை. பணம் ஒரு நாள் டாலராகி வெளியே போகும் உரிமை கேட்கிறதா என்பதைத்தான் பார்க்கிறது. தாமதக் கட்டணத்தைக் கட்டி முறைப்படுத்திக்கொள்ளுங்கள்; தள்ளிப்போடாதீர்கள்.

முல்லைக்கொடி

தாய்லாந்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். 2006இல் நான் பாங்காக்கில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். அந்த ஆண்டு முழுவதும் பாட் நாணயத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 41 பாட் கிடைத்தது. டிசம்பரில் 35ஐ ஒட்டி வந்துவிட்டது. எங்கள் விலைப்பட்டியல் டாலரில். கூலியும் மூலப்பொருளும் பாட்டில். லாபம் கண்ணெதிரே கரைந்தது. குறுகிய காலப் பணம் வந்து நாணயத்தை ஏற்றுகிறது என்று எல்லா ஏற்றுமதியாளர்களும் முறையிட்டார்கள், நாங்களும் முறையிட்டோம்.

டிசம்பர் 18 அன்று மத்திய வங்கி ஓர் ஆணை அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து 100 டாலர் கொண்டுவந்தால் 70 டாலரை மட்டுமே பாட்டாக மாற்றலாம். மீதி 30 வட்டியில்லாமல் ஓராண்டு முடங்கிக் கிடக்கும். ஓராண்டுக்கு முன்பே பணத்தை வெளியே எடுத்தால் அந்த முப்பதில் இருபதுதான் திரும்பக் கிடைக்கும். அதாவது வேலைக்குப் போன 70 டாலரில் 14 சதவீதத்துக்கு மேல் சம்பாதித்தால்தான் சீக்கிரம் கிளம்புபவருக்குப் போட்ட முதல் தேறும். ஏற்றுமதி வருவாய்க்கும், 20,000 டாலருக்கு உட்பட்ட தொகைக்கும், நேரடி முதலீட்டுக்கும் விலக்கு.

காகிதத்தில் பார்த்தால் ஏட்டுக்கணக்கன் ஐயா சொன்ன பிரிவினையேதான். ஆனால் போர்ட்ஃபோலியோ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் தவறாயிற்று. நாணயத்தை ஏற்றிக்கொண்டிருந்த பணத்தில் பெரும்பகுதி குறுகிய காலக் கடன் பத்திரங்களிலும் பாட்டை நேரடியாக வாங்குவதிலும் இருந்தது என்பதே அங்கே பரவலான கருத்து. அடி விழுந்ததோ பங்குச்சந்தையில். 19ஆம் தேதி சந்தை பத்து சதவீதம் விழுந்ததும் வணிகம் அரை மணி நேரம் நிறுத்தப்பட்டது. மீண்டும் திறந்ததும் மேலும் விழுந்து, ஏறத்தாழ 15 சதவீத வீழ்ச்சியோடு அன்று முடிந்தது. அன்று மாலையே நிதியமைச்சர் பிரிதியாதோர்ன் தேவகுல பங்குகளில் வரும் பணத்துக்கு விலக்கு அறிவித்தார். மறுநாள் சந்தை 11 சதவீதம் மீண்டது. எங்கள் அலுவலகத்தில் இருந்த தாய்லாந்து நண்பர்களில் ஒருவர் முதல் நாள் பயந்து விற்று மறுநாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கட்டுப்பாடு யாரைக் குறிவைத்ததோ அவர்கள் வேறு, இழந்தவர்கள் வேறு.

கடன் பத்திரங்களுக்கான விதி 2008 மார்ச் வரை நீடித்தது. அதற்குள் பாட்டுக்கு இரண்டு விலைகள் உருவாகிவிட்டன: நாட்டுக்குள் ஒன்று, சிங்கப்பூர் போன்ற வெளிச்சந்தைகளில் அதைவிட வலுவான இன்னொன்று. இந்த இடைவெளி அகலமாக இருக்கும் வரையில், உள்ளே வரத் துடிக்கும் பணம் இன்னும் வாசலில் நிற்கிறது என்று நாங்கள் புரிந்துகொண்டோம். நாணயம் ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

நெய்தல்

காலம் அளவுகோல் அன்று என்பதை ஏற்கிறேன். ஆனால் தாய்லாந்து அவசரப்பட்டது என்பதால் அந்த முறையே தவறாகிவிடாது. சிலி நாடு இதே முறையை 1991 முதல் பல ஆண்டுகள் நடத்தியது. அங்கே சந்தை இடியவில்லையே.

ஏட்டுக்கணக்கன்

சிலி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே விதி படிப்படியாக வந்தது என்பதே முக்கிய வேறுபாடு. 1991 ஜூனில் வெளிநாட்டுக் கடன்களில் 20 சதவீதத்தை மத்திய வங்கியில் வட்டியில்லா வைப்புத்தொகையாக வைக்க வேண்டும் என்று தொடங்கி, 1992இல் 30 சதவீதமாக உயர்த்தி, படிப்படியாக மற்ற வகைகளுக்கும் விரித்தார்கள். பணம் எவ்வளவு நாள் இருந்தாலும் வைப்புத்தொகை ஓராண்டு முடங்கும் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. உலகச் சந்தையில் வட்டி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 30 டாலர் ஓராண்டு முடங்கினால் ஒன்றரை டாலர் வட்டி போகிறது. மீதி 70 டாலரை ஓராண்டு வைத்திருப்பவருக்கு அது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட சுமை. மூன்றே மாதத்தில் கிளம்புபவருக்கு ஆண்டுக் கணக்கில் எட்டரை சதவீதம். ஐந்தாண்டு இருப்பவருக்கு அரை சதவீதத்துக்கும் குறைவு. யாருடைய உள்நோக்கத்தையும் விசாரிக்காமலே அவசரக்காரரிடம் அதிகமும் நிதானக்காரரிடம் குறைவும் வசூலாகிறது. பாலாற்றங்கரையின் ஓய்வூதிய நிதியத்துக்கு நியாயம் செய்யும் முறை இதுதான் என்று எனக்குத் தோன்றும். தலைப்பைப் பார்த்து அல்லாமல் நடத்தையைப் பார்த்துக் கட்டணம் போடுகிறது.

ஆனால் அங்கேயும் நேரடி முதலீட்டுக்கு வைப்புத்தொகை கிடையாது. விளைவு என்ன? பணம் பெயரை மாற்றிக்கொண்டு வரத் தொடங்கியது. தொழில் தொடங்குவதாகச் சொல்லி வந்த பணம் வங்கியில் வட்டிக்கு உட்கார்ந்தது. 1996இல் சிலியின் மத்திய வங்கி, ஊக நோக்கம் இருக்கலாம் என்று தோன்றும் நேரடி முதலீட்டுக்கும் வைப்புத்தொகையை விரிக்க வேண்டியதாயிற்று. இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: உற்பத்தி முதலீடு என்றால் சில மாதங்களில் இயந்திர இறக்குமதி, நிலப்பதிவு, சம்பளப்பட்டியல் என்று ஏதாவது தென்பட வேண்டும். எதுவும் இல்லாமல் வங்கி இருப்பு மட்டும் வளர்ந்தால் பெயர் ஒன்று, பணம் வேறு. 1998இல் பணம் வருவதே நின்றபோது வைப்புத்தொகையைப் பத்து சதவீதமாகக் குறைத்து, பின்னர் பூஜ்யம் ஆக்கினார்கள்.

அந்த விதியால் மொத்த வரவு குறைந்ததா, அல்லது குறுகிய காலக் கடன் நீண்ட காலக் கடனாக மாறியது மட்டும்தானா என்பதில் பொருளாதார அறிஞர்கள் இன்றும் உடன்படவில்லை.

பாலாற்றங்கரை

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. என் முதல் கேள்விக்கே மீண்டும் வருகிறேன். ஹூண்டாய் தொழிற்சாலையைப் பெட்டியில் கட்டவில்லை, முழு நிறுவனத்துக்கும் ஆள் தேடவில்லை. ஆனாலும் 27,870 கோடி ரூபாயைச் சில நாட்களில் எடுத்துவிட்டதே. நேரடி முதலீட்டாளருக்குக் கதவு குறுகலானது என்ற விளக்கம் இங்கே பொருந்தவில்லை.

ஏட்டுக்கணக்கன்

சரியான இடத்தைத் தொட்டீர்கள். பங்குச்சந்தை ஆழமாக வளர்ந்துவிட்டால், நேரடி முதலீட்டாளர் போர்ட்ஃபோலியோ வாசல் வழியாக வெளியேறலாம். நல்ல காலத்தில்தான் இது முடியும் என்பதை மறக்க வேண்டாம். பீதியான ஒரு வாரத்தில் இத்தனை பங்குகளை யாரும் அந்த விலைக்கு வாங்கியிருக்க மாட்டார்கள். மேலும், 82.5 சதவீதம் இன்னும் அவர்களிடமே இருக்கிறது. சந்தையில் விலை சரிந்தால் மிக அதிகமாக இழப்பவர்களும் அவர்களே.

டாலர் கணக்கில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒரு டாலர் 84 ரூபாய் என்று வைத்தால் வெளியே போக வேண்டியது ஏறத்தாழ 330 கோடி டாலர். அந்தப் பங்குகளை வாங்கியவர் வெளிநாட்டு நிதியம் என்றால் அது டாலரை உள்ளே கொண்டுவந்துதான் வாங்கியிருக்கும்; வந்ததும் போனதும் கழிந்துவிடும். கணக்கேட்டில் மட்டும் நேரடி முதலீடு குறைந்து போர்ட்ஃபோலியோ கூடும். வாங்கியவர் உள்ளூர்ப் பரஸ்பர நிதி என்றால் ரூபாய் கைமாறுகிறது. டாலரை நம் சந்தையிலிருந்தே வாங்கி அனுப்ப வேண்டும். ஆகவே இப்படிப்பட்ட ஒவ்வொரு விற்பனையிலும் யார் வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு கதவு உண்டு. போர்ட்ஃபோலியோ முதலீட்டாளர் ஒருவர் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் பத்து சதவீதத்தைத் தொட்டால், ஐந்து வணிக நாட்களுக்குள் உபரியை விற்க வேண்டும், அல்லது நேரடி முதலீட்டாளராக மாற வேண்டும். மாறுவதற்கான முறையை ரிசர்வ் வங்கி 2024 நவம்பரில் வகுத்தது. நேரடி முதலீடு தடைசெய்யப்பட்ட துறைகளில் மாற முடியாது. விற்றே ஆக வேண்டும். ஒரே உரிமையாளரின் கீழ் உள்ள பல நிதியங்கள் ஆளுக்கு ஐந்து சதவீதம் என்று பிரித்து வாங்கித் தப்பிக்கவும் முடியாது, சேர்த்தே எண்ணுவார்கள்.

முல்லைக்கொடி

இந்த இடத்தில் ஐயாவோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஹூண்டாய் தனி நிகழ்வு அன்று. 2024-25 நிதியாண்டில் இந்தியாவுக்கு மொத்த நேரடி முதலீடு 8,100 கோடி டாலர் வந்தது. அதே ஆண்டில் ஏற்கெனவே வந்தவர்கள் விற்றும் திருப்பியும் எடுத்துச் சென்றது 5,150 கோடி டாலர். இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டில் போட்டது ஏறத்தாழ 2,900 கோடி டாலர். கழித்துப் பார்த்தால் நிகரமாக நின்றது மிகச் சொற்பம்தான். செய்தித்தாளில் முதல் எண்ணை மட்டுமே பார்க்கிறோம். வெளியேறும் கதவு இவ்வளவு அகலமாகிவிட்ட பிறகும் நிலையான முதலீடு என்ற பெயரில் சலுகை தொடர வேண்டுமா?

ஏட்டுக்கணக்கன்

எண்கள் சரி. ஆனால் அவற்றை நான் அப்படி வாசிக்க மாட்டேன். வெளியேறியவற்றில் கணிசமான பகுதி, பல ஆண்டுகளுக்கு முன் பட்டியலிடப்படாத நிறுவனங்களில் போட்ட நிதியங்கள் சந்தை உயர்ந்திருந்தபோது லாபத்தோடு விற்றது. வெளியேற முடியும் என்று தெரிந்ததால்தான் அவர்கள் முதலில் வந்தார்கள். கதவை இறுக்கினால் அடுத்தவர் உள்ளே வரவும் யோசிப்பார். என்னைக் கேட்டால், அந்த நிதியங்களைக் கணக்கில் தனித் தலைப்பாகக் காட்ட வேண்டும். ஆலை கட்டுபவரையும் 3 சதவீதம் வாங்கி வைத்திருப்பவரையும் ஒரே வரியில் எழுதுவதால்தான் இந்தக் குழப்பம்.

முல்லைக்கொடி

தனித் தலைப்பு வேண்டும் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் லாபத்தோடு போனாலும் நட்டத்தோடு போனாலும் டாலர் டாலர்தான். அந்த ஆண்டு பங்குச்சந்தையிலிருந்தும் வெளிநாட்டு நிதியங்கள் பெருமளவில் விற்று வெளியேறின. இரண்டு வாசல்களும் ஒரே பருவத்தில் வெளிப்பக்கமாகத் திறந்திருந்தன. ஒன்று நிலையானது என்று நம்பி மற்றொன்றுக்கு மட்டும் காவல் போடுவது அந்த ஆண்டில் எதைத் தடுத்தது என்று சொல்லுங்கள்.

தறிக்காரன்

ஏட்டுக்கணக்கன் ஐயாவுக்கு நன்றி. மாமனிடம் கேட்டேன், திரும்ப எடுத்துச்செல்லும் உரிமையோடுதான் போட்டாராம். மதிப்பீட்டுச் சான்றுக்கு எங்கள் பட்டயக் கணக்காளரிடம் சொல்லிவிட்டேன். பங்கு கொடுத்த தேதிக்கான மதிப்பா, இன்றைய மதிப்பா, எதைக் காட்ட வேண்டும்?

ஏட்டுக்கணக்கன்

பங்கு கொடுத்த காலத்துக்கான மதிப்பைத்தான், தம்பி. இன்றைய மதிப்பைக் காட்டினால் குறைந்த விலைக்குக் கொடுத்ததுபோல் தெரிந்து வேறொரு சிக்கல் வரும். முல்லைக்கொடியின் கேள்விக்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. ரிசர்வ் வங்கியின் மாத இதழ்களில் அந்த ஆண்டின் மாதவாரி எண்களை எடுத்துவைத்து, இரண்டு வாசல்களிலும் ஒரே மாதங்களில்தான் பணம் போயிற்றா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.